குடிமைப் பணித் தேர்வின் மூன்று படிகள்: ஒரு மதிப்பீடு

பல கட்டங்களாக நடக்கும் ஒரு தேர்வை எடைபோட ஒரு கேள்வி போதும்: ஒவ்வொரு கட்டமும் தனக்கென ஒதுக்கப்பட்ட வேலையை மட்டும் செய்கிறதா, அடுத்த கட்டத்தின் வேலையிலும் கை வைக்கிறதா? மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வை இந்தக் கேள்வியோடு அணுகினால், பயிற்சி மையங்களின் விளம்பரங்களிலும் தேர்வர்களின் அங்கலாய்ப்புகளிலும் காணக் கிடைக்காத ஒரு சித்திரம் தெரியவருகிறது. முழு விவரமும் கையில் இருப்பதால் 2023ஆம் ஆண்டுத் தேர்வையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர். முதனிலைத் தேர்வை எழுத வந்தவர்கள் 5,92,141 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,624 பேர். அவர்களில் 2,855 பேர் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டார்கள். இறுதியில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். முதல் படியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் வெளியேறுகிறார்கள். இரண்டாம் படியை ஐந்தில் ஒருவர் தாண்டுகிறார். மூன்றாம் படியை மூவரில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் தாண்டுகிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதனிலைதான் கொடுமையான கட்டம், நேர்முகம் இளகிய கட்டம் என்று தோன்றும். மதிப்பெண்களைப் பார்த்தால் அந்தத் தோற்றம் நிற்பதில்லை.

இந்த மூன்று படி அமைப்பு 1979இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடித்தளம் டி. எஸ். கோத்தாரி குழு 1976இல் அளித்த அறிக்கை. அதுவரை விண்ணப்பித்த எல்லோருமே விரிவான எழுத்துத் தேர்வை எழுதினார்கள். விண்ணப்பங்கள் பெருகப் பெருக, லட்சக்கணக்கான விடைத்தாள்களை ஒரே தரத்தில் திருத்த இயலாது என்பது தெளிவானது. திருத்தச் செலவு குறைந்த கொள்குறி வினாத்தாளால் கூட்டத்தைக் குறைப்பது, ஆழத்தை அளக்கும் விரிவான தாள்களைச் சிலருக்கு மட்டும் வைப்பது என்ற தீர்வு அங்கிருந்து பிறந்தது. தருக்கத்தில் பழுதில்லாத ஏற்பாடு அது. மலிவான கருவி விலக்குவதற்கு, விலை உயர்ந்த கருவி தரவரிசைப்படுத்துவதற்கு. முதனிலையில் பெற்ற மதிப்பெண் இறுதிக் கணக்கில் சேராது என்ற விதி இந்தத் தருக்கத்தின் நேரடி விளைவு. அந்த விதி சரியானது என்பதே என் கருத்து. விலக்குவதற்காகச் செய்த கருவியைத் தரவரிசைக்குப் பயன்படுத்தினால் இரண்டு வேலையும் கெடும்.

இன்றைய முதனிலைத் தேர்வில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். முதல் தாளான பொது அறிவில் 100 வினாக்கள். சரியான விடைக்கு 2 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இந்தக் கழிவு யோசித்து நிர்ணயிக்கப்பட்ட அளவு. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் நான்கு முறைக்கு ஒரு முறை 2 மதிப்பெண் வரும், மூன்று முறை 0.67 வீதம் போகும். நிகர லாபம் சரியாகச் சுழியம். ஆனால் ஒரு விடையை உறுதியாகத் தவறு என்று ஒதுக்க முடிந்தால், மீதமுள்ள மூன்றில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக 0.22 மதிப்பெண் லாபம் தரும். குருட்டு ஊகத்துக்குப் பரிசில்லை, அரைகுறை அறிவுக்குச் சிறிய பரிசு உண்டு. வடிகட்டும் தேர்வுக்கு இது நியாயமான விதி.

2023இல் ஆணையம் இந்த அரைகுறை அறிவின் வாசலையும் ஏறக்குறைய அடைத்தது. அதுவரை வழக்கமாக இருந்தது ‘1 மற்றும் 2 மட்டும்’, ‘2 மற்றும் 3 மட்டும்’ என்ற விடை வடிவம். ஒரு கூற்று தவறு என்று தெரிந்தால் இரண்டு விடைகள் தாமாகவே விழுந்துவிடும். அந்த ஆண்டு வினாத்தாளில் பெருமளவுக்கு ‘ஒன்று மட்டும்’, ‘இரண்டு மட்டும்’, ‘மூன்றும்’, ‘எதுவுமில்லை’ என்ற வடிவம் வந்தது. எந்தக் கூற்று சரி என்பதை விட்டு, எத்தனை சரி என்று கேட்பது இது. மூன்று கூற்றுகளும் தெரியாமல் உறுதியான விடைக்கு வழியில்லை. பொதுப் பிரிவின் கட்-ஆஃப் 2022இல் 88.22 ஆக இருந்தது. 2023இல் அது 75.41 ஆகச் சரிந்ததற்கு இந்த வடிவ மாற்றம் முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

75.41 என்ற எல்லை எப்படிப்பட்டது என்பதை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் 80 வினாக்களுக்கு விடை குறிக்கிறார். 48 சரி, 32 தவறு. அவருக்குக் கிடைப்பது 74.67. வெளியேறுகிறார். பக்கத்து இருக்கைக்காரரும் 80 வினாக்களையே தொடுகிறார். 49 சரி, 31 தவறு. அவருக்கு 77.33. உள்ளே போகிறார். ஒரே ஒரு வினா 2.67 மதிப்பெண் இடைவெளியை உண்டாக்கி, ஓராண்டு உழைப்பின் கதியைத் தீர்மானித்துவிடுகிறது. எந்த எல்லைக்கோட்டிலும் இது நடக்கும் என்பது உண்மை. அதனால்தான் எல்லைக்கோட்டை நிர்ணயிக்கும் விடைக்குறிப்பு உடனே வெளிப்பட வேண்டும். ஆணையம் பல்லாண்டுகளாக இறுதி முடிவு வந்த பிறகே அதை வெளியிட்டது. ஒரு விடை தவறாக இருந்திருந்தால், அதனால் வெளியேறியவருக்கு அதற்குள் ஏறக்குறைய ஓராண்டு கழிந்திருக்கும். முதனிலை முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடுவதாக ஆணையம் 2025இல் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. காலம் தாழ்ந்த திருத்தம், ஆனாலும் சரியான திருத்தம்.

இரண்டாம் தாளின் கதை வேறு. சீசேட் என்று தேர்வர்கள் அழைக்கும் இந்தத் திறனறி தாள் 2011இல் வந்தது. அதற்கு முன் முதனிலையில் 150 மதிப்பெண்ணுக்குப் பொது அறிவும் 300 மதிப்பெண்ணுக்கு ஒரு விருப்பப் பாடமும் இருந்தன. வெவ்வேறு பாடங்களை எழுதியவர்களை ஒரே கோட்டில் நிறுத்துவது கடினம் என்பதால் விருப்பப் பாடத்தை நீக்கியது நல்ல முடிவு. அதன் இடத்தில் வந்த தாள் கணக்கும் ஆங்கிலமும் கைவந்த பொறியியல், மேலாண்மைப் பட்டதாரிகளுக்குச் சாதகம் என்ற எதிர்ப்பு 2014இல் போராட்டமாக வெடித்தது. 2015 முதல் அது 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாக மாறியது. 200க்கு 66. இதை எடுக்காதவரின் பொது அறிவு மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை.

தகுதித் தாள் என்றால் அதற்கென ஓர் இலக்கணம் உண்டு. தேவையான குறைந்தபட்சத் திறன் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எண்ணறிவும் தரவு விளக்கமும் பத்தாம் வகுப்பு அளவில் இருக்கும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. 2023இல் அந்த அளவைத் தாள் தாண்டிவிட்டது என்று தேர்வர்கள் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். அவர்களுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். தேர்வு முறையியலின்படி குறை நிற்கிறது. குறைந்தபட்சத்தைச் சோதிக்க வேண்டிய தாள் கடினப்படும்போது அது இரண்டாவது வடிகட்டியாகிவிடுகிறது. வரலாறும் தமிழ் இலக்கியமும் படித்து வந்தவர் தன் பலத்தைக் காட்டும் முன்பே கணக்குத் தாளால் விலக்கப்படுகிறார். இந்தத் தாள் எத்தனை பேரை வெளியேற்றியது என்ற கணக்கை ஆணையம் ஆண்டுதோறும் தனியே வெளியிட்டால், இந்த விவாதத்துக்கு ஒரு முடிவு கிடைக்கும்.

முதன்மைத் தேர்வுக்கு வரும்போது நாம் இந்த அமைப்பின் மிகச் சிறந்த பகுதிக்கு வருகிறோம். ஒன்பது தாள்கள். இந்திய மொழி ஒன்றும் ஆங்கிலமும் தகுதித் தாள்கள். தலா 300 மதிப்பெண்ணில் 25 விழுக்காடு எடுக்க வேண்டும், தவறினால் மற்றத் தாள்களின் மதிப்பெண் கணக்கில் வராது. தரவரிசைக்கு எண்ணப்படுபவை ஏழு: கட்டுரை, பொது அறிவு நான்கு, விருப்பப் பாடம் இரண்டு. தலா 250, மொத்தம் 1750. 2013இல் நடந்த சீரமைப்பு இரண்டு விருப்பப் பாடங்களை ஒன்றாகக் குறைத்து, பொது அறிவை இரண்டு தாளிலிருந்து நான்காக உயர்த்தியது. பழைய முறையில் 2000 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 1200 விருப்பப் பாடங்களின் கையில் இருந்தது. இப்போது 1750இல் 500 மட்டுமே. எல்லோருக்கும் பொதுவான தாள்களே பெரும்பங்கு வகிப்பதால் ஒப்பீடு நம்பகமாகியிருக்கிறது. 1989இல் சதீஷ் சந்திரா குழு பரிந்துரைத்து 1993இல் வந்த கட்டுரைத் தாளும் இந்தத் திசையில் வைத்த நல்ல அடியே.

ஒரு பொது அறிவுத் தாளில் 20 வினாக்கள். பத்துக்கு 150 சொற்களில், பத்துக்கு 250 சொற்களில் விடை, மூன்று மணி நேரம். சராசரியாக ஒரு விடைக்கு ஒன்பது நிமிடம். யோசித்து எழுதுவதற்கு இது போதாது. ஏற்கெனவே யோசித்து வைத்ததை ஒழுங்குபடுத்தி எழுதத்தான் போதும். எனவே முதன்மைத் தேர்வு சிந்தனையின் ஆழத்தை அளக்கிறது என்ற புகழுரையைச் சற்றே குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது அளப்பது, பரந்த அறிவைக் குறுகிய நேரத்தில் கோர்வையாக்கும் திறனை. ஓர் ஆட்சியருக்கு அது வேண்டிய திறன்தான். ஆழம் வெளிப்பட வாய்ப்புள்ள இடங்கள் கட்டுரைத் தாளும் விருப்பப் பாடமும்.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே கூடுதலாக ஒரு சுமை. விடையைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்தையும் தமிழில் சந்திக்கலாம். ஆனால் பொது அறிவு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சிந்தித்து, ஒன்பது நிமிடத்தில் எழுதி முடிக்க வேண்டும். இந்தியில் எழுதுபவருக்கு இந்த மொழிபெயர்ப்பு வேலை இல்லை. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் விடை எழுதலாம் என்று அனுமதித்த அமைப்பு, வினாவை அந்த மொழிகளில் தராதது உள்முரண்.

திருத்தும் முறையின் வெளிப்படைத்தன்மையிலும் ஒரு குறை. தலைமைத் திருத்துநர் வரையறுத்த அளவுகோலின்படி திருத்துநர்களிடையே சமன்செய்தல் நடக்கிறது. அது இல்லாவிட்டால் அநீதியே மிஞ்சும். ஆனால் சமன்செய்வதற்கு முந்தைய மதிப்பெண்ணைத் தேர்வர் கேட்டுப் பெற முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் அங்கேஷ் குமார் வழக்கில் உறுதி செய்தது. விடைத்தாளைக் காட்டினால் தேர்வு முறையே சீர்குலையும் என்ற அச்சத்தை நான் முழுதாக ஒதுக்கவில்லை. ஆயினும் 741இல் உள்ளே வருபவருக்கும் 740இல் வெளியே நிற்பவருக்கும் எது வேறுபாடு என்று யாராலும் சொல்ல முடியாத நிலை ஒரு நல்ல தேர்வுக்கு அழகில்லை.

அந்த 741தான் 2023இல் பொதுப் பிரிவினரை நேர்முகத்துக்கு அழைத்த முதன்மைத் தேர்வு எல்லை. 1750க்கு 741. எண்ணிக்கையில் இளகியதாகத் தெரிந்த மூன்றாம் கட்டத்தின் உண்மையான எடை இங்கேதான் வெளிப்படுகிறது.

நேர்முகத்துக்கு 275 மதிப்பெண். எழுத்தையும் சேர்த்து மொத்தம் 2025. ஆகவே அதன் பங்கு 13.6 விழுக்காடு. சட்டம் இதுவரை பார்த்து வந்தது இந்தப் பங்கைத்தான். 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் ஹரியானா மாநிலத் தேர்வை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், அங்கு பொதுத் தேர்வர்களுக்கு 22.2 விழுக்காடாக இருந்த நேர்முகப் பங்கு மிக அதிகம் என்றது. அன்று மத்திய ஆணையத்தில் 2050க்கு 250 ஆக இருந்த நேர்முகத்தின் 12.2 விழுக்காட்டையே உச்ச வரம்பாகக் காட்டியது. இன்றைய 13.6 அந்த அளவைச் சற்றே தாண்டி நிற்கிறது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: காலியிடங்களைப் போல இருபது மடங்குக்கு மேல் ஆட்களை நேர்முகத்துக்கு அழைத்தது தவறு, இரண்டு மடங்கு, மிஞ்சினால் மூன்று மடங்கு போதும். இந்த இரண்டாம் கருத்துதான் எனக்கு முதல் கருத்தைவிட ஆழமாகப் படுகிறது. எழுத்தில் மிகவும் பின்தங்கியவரையும் நேர்முகத்துக்கு அழைத்தால், எழுத்தின் தீர்ப்பை நேர்முகம் புரட்டிப் போடும் வாய்ப்பு பெருகும் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

ஒரு தாளின் எடையை அதற்கு ஒதுக்கிய மதிப்பெண் தீர்மானிப்பதில்லை. அதில் தேர்வர்கள் எவ்வளவு பரவி நிற்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. எல்லோரும் ஒரே மதிப்பெண் பெறும் 500 மதிப்பெண் தாள் தரவரிசையை அசைக்காது. எல்லோரும் சிதறி நிற்கும் 100 மதிப்பெண் தாள் அதைத் தலைகீழாக்கும். நேர்முகத்துக்கு வருபவர்கள் 741ஐத் தாண்டி ஏற்கெனவே ஒரு குறுகிய பட்டைக்குள் அடைக்கப்பட்டவர்கள். நேர்முக மதிப்பெண்ணோ அகலமாக விரிகிறது.

2023இல் பொதுப் பிரிவின் இறுதி எல்லை 953. எழுத்தில் சரியாக 741 பெற்று வந்தவர் பட்டியலில் இடம்பிடிக்க நேர்முகத்தில் 212 எடுக்க வேண்டும். அந்த ஆண்டு முதலிடம் பெற்ற ஆதித்ய ஸ்ரீவாஸ்தவாவுக்கே நேர்முகத்தில் கிடைத்தது 200. ஆகவே எல்லைக்கோட்டில் அழைக்கப்பட்டவரின் வாய்ப்பு பெயரளவுக்கானதே. இனி நடுவில் நிற்கும் இருவரைக் கற்பனை செய்வோம். ஒருவர் எழுத்தில் 800, நேர்முகத்தில் 150. மொத்தம் 950. இடமில்லை. மற்றவர் எழுத்தில் 765, நேர்முகத்தில் 190. மொத்தம் 955. இடம் உண்டு. ஏழு தாள்களில், இருபத்தொரு மணி நேர எழுத்தில் ஈட்டிய 35 மதிப்பெண் முன்னிலையை ஏறத்தாழ அரைமணி நேர உரையாடலின் 40 மதிப்பெண் விழுங்கிவிடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019இல் முதலிடம் பெற்ற பிரதீப் சிங்குக்கு நேர்முகத்தில் 158தான். எழுத்தில் அவர் எடுத்த 914 அவரைத் தூக்கி நிறுத்தியது. 2017இல் முதலிடம் பெற்ற அனுதீப் துரிஷெட்டி எழுத்தில் 950, நேர்முகத்தில் 176. உச்சியில் எழுத்தே ஆள்கிறது. நேர்முகத்தின் ஆட்சி எல்லையை ஒட்டிய நடுப்பகுதியில் நடக்கிறது. அங்கேதான் பெரும்பாலானோர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒரு சில மதிப்பெண் ஒருவருக்கு எந்தப் பணி என்பதையும், இன்னொருவருக்குப் பணி உண்டா என்பதையும் தீர்மானிப்பதும் அங்கேதான்.

அப்படியானால் நேர்முகம் வேண்டாமா? மத்திய அரசு 2016 ஜனவரி முதல் அரசிதழ் பதிவு பெறாத பணிகளுக்கு நேர்முகத்தை நீக்கியது. எழுத்தர், ஆய்வாளர் பணிகளுக்கு அந்த முடிவு சரி. ஒரு மாவட்டத்தையே கையாளப் போகிறவரை நேரில் கேள்வி கேட்காமல் தேர்வது சரியாகாது. எதிர்பாராத கேள்விக்கு ஒருவர் எப்படி எதிர்வினையாற்றுகிறார், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா, தன் கருத்துக்கு எதிரான வாதத்தைச் செவிமடுக்கிறாரா என்பதையெல்லாம் எழுத்துத் தாள் காட்டாது. ஆணையத்தின் நேர்முகத்தில் போற்றத்தக்க காப்புகளும் உள்ளன. குழுவுக்கு எழுத்து மதிப்பெண் தெரியாது. எந்தக் குழு என்பது தேர்வருக்கு அன்றுதான் தெரியும். மதிப்பெண் ஒருவர் கையில் இல்லாமல் குழுவின் கூட்டு முடிவாக இருக்கிறது.

விடுபட்ட காப்பு ஒன்று. ஒரே காலத்தில் பல குழுக்கள் அமர்கின்றன. ஒரு குழுவின் தாராளமும் இன்னொரு குழுவின் கறாரும் தேர்வரின் ஆளுமையோடு தொடர்பற்றவை. எழுத்துத் தாள்களில் திருத்துநர்களிடையே சமன்செய்யும் ஆணையம், நேர்முகக் குழுக்களிடையே அப்படி ஏதேனும் செய்கிறதா என்பதைத் தேர்வர் அறிய வழியில்லை. குழுக்களின் பெயரை மறைத்து, ஒவ்வொன்றின் சராசரியையும் பரவலையும் ஆண்டுதோறும் வெளியிட்டாலே போதும். ஏறக்குறைய ஒரே தரமுள்ளவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட பிறகும் சராசரிகள் பெரிதாக விலகி நின்றால், பிழை குழுவினுடையது என்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டின் குரூப் 1 தேர்வு இதே மூன்று படி அமைப்பைக் கொண்டது. எழுத்துக்கு 750, நேர்முகத்துக்கு 100. பங்கு 11.8 விழுக்காடு, உச்ச நீதிமன்றம் சுட்டிய அளவுக்குள் அடங்குகிறது. முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் இருப்பதும், முதனிலையில் விடை தெரியாதவர் ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாம் வட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதும் இதன் தனித்தன்மைகள். காலியாக விட்ட வட்டத்தைப் பிறகு யாரும் நிரப்ப முடியாதபடி செய்யும் அந்த ஐந்தாம் வட்டம் எளிமையும் கூர்மையும் கொண்ட ஏற்பாடு. தவறான விடைக்குக் கழிவு இல்லாதது குறை. ஊகத்துக்கு விலை இல்லாத தாளில் எல்லைக்கோட்டில் நிற்பவர்களின் வரிசையில் அதிர்ஷ்டம் கலந்துவிடுகிறது. மத்திய ஆணையம் மாநிலத்திடம் கற்க ஒன்று உண்டு, மாநிலம் மத்திய ஆணையத்திடம் கற்கவும் ஒன்று உண்டு.

மூன்று கட்டங்களில் இரண்டாவதே இந்தத் தேர்வின் மதிப்பைத் தாங்குகிறது, அதன் வினாத்தாள் மொழிக் குறை நீங்கினால் இன்னும் வலுப்பெறும். முதலாவது தன் வேலையைப் பெரிதும் நிறைவேற்றுகிறது, திறனறி தாளின் கடினத்தைப் பாடத்திட்டம் சொன்ன அளவுக்கு இறக்கினால் பழுது பெரும்பாலும் தீரும். மூன்றாவதை நீக்க வேண்டியதில்லை, 275ஐக் குறைக்க வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. குழுவாரியான சராசரி வெளிவராத வரை, 800 எடுத்தும் வெளியே நின்றவருக்கு ஆணையம் தர வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது.